விதைப் பையின் படத்தைப் பார்த்து விதைப்பைத் தீர்மானிப்பது எப்படி?

ஆடிப் பட்டத்திற்கு வெண்டை விதை வாங்க ஒவ்வொருவரும் டவுனுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை என்ற நிலை இப்போது வந்துவிட்டது. மகனோ மருமகனோ வேறு வேலையாக டவுனுக்குப் போகும்போது கடையில் நின்று விதைப் பையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். "இதை வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். படத்தில் பச்சைப் பசேலென்று வெண்டைக்காய் தெரிகிறது. "வாங்கி வா" என்று சொல்லிவிடுகிறோம். பையின் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்துக்களை யாரும் படிப்பதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்தப் பின்பக்கத்தைத்தான். விதை எந்தத் தேதி வரைக்கும் செல்லும், குத்துக்கு எத்தனை விதை போட வேண்டும், எத்தனை பை வாங்க வேண்டும், எந்த நாளில் முளையை எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் படத்தில் ஓர் எண் மங்கினாலும், ஒரு புள்ளி மறைந்தாலும் கணக்கு மாறிவிடும். அப்படி மங்கிய எண்ணைப் பையில் உள்ள மற்ற எண்களை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரு வெண்டைப் பையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

20 சென்ட் கிணற்றுப் பாசன நிலம் உள்ள விவசாயி ஒருவர் 2025-ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு அன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி வெண்டை ஊன்றத் திட்டமிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் வாரத்தில் அவருடைய மருமகன் கடையிலிருந்து 250 கிராம் பையின் படத்தை அனுப்புகிறார். இரகம் சாதாரண இரகம். வீரிய ஒட்டு அல்ல.

எத்தனை படம் வேண்டும்?

ஒரே ஒரு படம் போதாது. குறைந்தது மூன்று கேட்டு வாங்குங்கள். முதலாவது, பையின் முன்பக்கம். இதில் பயிர், இரகத்தின் பெயர், எடை ஆகியவை இருக்கும். இரண்டாவது, பின்பக்கம் முழுவதும், நான்கு ஓரங்களும் தெரியும்படி. மூன்றாவது, தேதியும் குவியல் எண்ணும் அச்சான இடத்தை மட்டும் நெருங்கி எடுத்த படம். இந்த எண்கள் பையை அச்சடிக்கும்போது சேர்ந்து வருவதில்லை. பிறகு தனியாகக் குத்தப்படுகின்றன. பெரும்பாலும் பையின் மேல் ஓரத்திலோ ஒட்டுப் போட்ட மடிப்பிலோ புள்ளி புள்ளியாக இருக்கும். தேய்ந்தோ சுருங்கியோ போவதும் இந்த இடம்தான்.

பளபளக்கும் ஈயத்தாள் பையாக இருந்தால், கடையின் விளக்கு வெளிச்சம் பட்ட இடம் படத்தில் வெள்ளையாகிவிடும். பையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில், மடிப்பை விரலால் நீவிப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். செல்போனின் பிளாஷ் விளக்கைப் போட வேண்டாம்.

பையோடு கட்டியிருக்கும் அட்டையின் நிறத்தையும் படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. உற்பத்தியாளரே தரத்திற்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மை நிலை விதைக்கு இளம் பச்சை அட்டை. படத்தில் நீலம் பச்சையாகவும், பச்சை வெள்ளையாகவும் தெரிவது உண்டு. எனவே நிறத்தைப் பார்க்காமல், அட்டையில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் தேதி

நம் விவசாயிக்கு வந்த படத்தில் மூன்று தேதிகள் இருந்தன. பரிசோதனைத் தேதி 14/10/2024. பையில் அடைத்த தேதி 05/06/2025. மூன்றாவது, எதுவரை செல்லும் என்ற தேதி. ஆங்கிலத்தில் 'வேலிட் அப்டு' என்று அச்சாகியிருப்பது இதுதான். அதில் நாள் 13 என்பதும், ஆண்டு 2025 என்பதும் தெளிவாக இருந்தன. மாதத்தின் இரண்டாவது எண் மட்டும் மடிப்பில் விழுந்து சிதைந்திருந்தது. அது 7 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். மருமகன் 9 என்று படித்தார். அப்படியானால் செப்டம்பர் 13 வரை செல்லும். ஆடிப் பதினெட்டுக்குத் தாராளம்.

ஆனால் இதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டியதில்லை, கணக்கால் தீர்மானிக்கலாம். சான்று விதைக்கு முதல் தடவை கொடுக்கும் ஆயுள், பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதம். உண்மை நிலை விதையிலும் பெரும்பாலும் இதே 9 மாதக் கணக்கைத்தான் காண்கிறோம். 2024 அக்டோபர் 14-லிருந்து 9 மாதம் எண்ணினால் 2025 ஜூலை 13 வருகிறது. நாள் 13 என்பது பொருந்துகிறது. எனவே சிதைந்த எண் 7 தான், 9 அல்ல. செப்டம்பர் 13 என்றால் 11 மாதம் ஆகிறது. அப்படி யாரும் கொடுப்பதில்லை.

கடைக்காரர் ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பையை விற்பதில் தவறில்லை. அன்று அதற்கு ஆயுள் இருந்தது. ஆனால் நம் விவசாயி ஊன்றப் போவது ஆகஸ்ட் 3-இல். அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே விதையின் கெடு முடிந்துவிடுகிறது. வாங்கும் நாளைப் பார்த்துப் பயன் இல்லை. ஊன்றும் நாளைத்தான் அந்தத் தேதியோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பையில் அடைத்த தேதி ஜூன் 2025 என்று புதிதாக இருந்தது. அதைப் பார்த்து "போன மாதச் சரக்கு" என்று நினைத்துவிடக் கூடாது. அடைத்த தேதி, விதை பைக்குள் போன நாள் மட்டுமே. விதை அதற்கு முன்பே எட்டு மாதம் கிடங்கில் இருந்திருக்கிறது. ஆயுளைப் பரிசோதனைத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

சில சமயம் பழைய தேதியின் மேல் புதிய சீட்டு ஒட்டியிருப்பார்கள். கெடு முடிந்த சான்று விதையை மறுபடியும் பரிசோதித்து, தேறினால் மேலும் 6 மாதம் நீட்டிக் கொடுக்க வழி உண்டு. அப்படி நீட்டிய விதையில் புதிய பரிசோதனைத் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். புதிய கெடு மட்டும் ஒட்டியிருந்து, புதிய பரிசோதனைத் தேதி இல்லையென்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

நம் விவசாயி மருமகனைத் திரும்பக் கூப்பிட்டு, அதே இரகத்தில் வேறு குவியல் எண் உள்ள பையை எடுக்கச் சொன்னார். அலமாரியின் பின்வரிசையில் இருந்த பையில் பரிசோதனைத் தேதி 10/03/2025, கெடு 09/12/2025. இதில் ஒன்பது மாதம் சரியாக இருக்கிறது. ஊன்றும் நாளுக்குப் பிறகும் நான்கு மாதம் மிச்சம். இதையே வாங்கினார்.

முளைப்புத்திறன் சதவீதமும் முளைக்கும் நாளும்

பையின் பின்பக்கம் முளைப்புத்திறன் குறைந்த அளவு 65 சதவீதம் என்று இருக்கும். ஆங்கிலத்தில் 'ஜெர்மினேஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த எண் வரும். வெண்டைக்குச் சட்டப்படி வைத்திருக்கும் குறைந்த அளவே இது. மிளகாய்க்கும் பாகல், புடல் போன்ற கொடிக் காய்களுக்கும் 60, கத்தரி, தக்காளி, வெங்காயத்துக்கு 70, உளுந்து, பாசிப்பயறுக்கு 75, நெல்லுக்கு 80. படத்தில் இந்த எண் மங்கியிருந்தால் இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெண்டையில் '85' போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் 65 ஆகத்தான் இருக்கும். குறைந்த அளவு என்று வைத்துக் கணக்குப் போட்டால் நஷ்டம் இல்லை.

இந்த எண் நாளைக் குறிப்பதல்ல. 100 விதையில் எத்தனை முளைக்கும் என்பதையே குறிக்கிறது. குத்துக்கு எத்தனை விதை போடுவது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

முளைப்பு 65 என்றால் 100-க்கு 35 விதை முளைக்காது. குத்துக்கு ஒரு விதை போட்டால் 100 குத்தில் 35 குத்து காலி. இரண்டு விதை போட்டால் இரண்டும் பொய்ப்பது 100 குத்தில் 12 இடத்தில்தான். மூன்று விதை போட்டால் 4 இடம்தான் காலி. எனவே சாதாரண இரகத்தில் குத்துக்கு இரண்டு போட்டு, காலியான 12 குத்துகளுக்குப் பாடுவாசி போடுவது சிக்கனம். ஆள் குறைவு, பாடுவாசி போட முடியாது என்றால் மூன்று போட்டு, பத்தாம் நாள் வாக்கில் மிகுதியைக் களைந்துவிடலாம். பரிசோதனைச் சாலையில் 65 தேறிய விதை வயலில் அதைவிடக் குறைவாகவே தேறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே எறும்பு இல்லை, காய்ச்சல் இல்லை, மண் ஓடு கட்டுவதும் இல்லை.

வீரிய ஒட்டு விதை விலை அதிகம் என்பதால் குத்துக்கு ஒன்றுதான் போட முடியும். அதற்கு ஈடாக, ஊன்றும் அன்றே நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து விதையைச் சிறிய பாலிதீன் பைகளில் தனியாகப் போட்டு வைத்துக்கொண்டால் காலியிடத்தில் அதே வயதுக் கன்றை வைக்கலாம்.

இனி நாட்கள். எல்லாப் பைகளிலும் முளைக்கும் நாள் அச்சாவதில்லை. பையில் 'நாட்கள்' என்ற சொல்லோடு 45 – 50 என்று ஓர் எண் இருந்தால், அது முளைக்கும் நாள் அல்ல; முதல் காய் பறிக்கும் நாள். இதை மாற்றி எடுத்துக்கொண்டு, முளைக்காத வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே காத்திருப்பவர்கள் உண்டு. ஆடி மாத வெப்பத்தில், ஈரம் சரியாக இருந்தால் வெண்டை நான்காம் நாள் தலை காட்டும்; ஏழாம் நாளுக்குள் பெரும்பாலானவை வந்துவிடும். மார்கழி, தைக் குளிரில் இன்னும் சில நாள் பிந்தும்.

இந்த நாளைத் தண்ணீர் பாய்ச்சிய நாளிலிருந்து எண்ண வேண்டும். காய்ந்த பாரில் ஊன்றிவிட்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டியிருந்தால், விதைக்கு அன்றுதான் முதல் நாள்.

இடைவெளியிலிருந்து பை எண்ணிக்கை

நம் விவசாயிக்கு வந்த பின்பக்கப் படத்தில் 60 x 30 என்று இருந்தது. அதற்கு அடுத்து அலகு என்ன என்பது படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இப்படி அலகு இல்லாத எண் கிடைத்தால் பயிரை நினைத்துப் பாருங்கள். 60 அங்குலம் என்றால் ஐந்து அடி. வெண்டைக்கு ஐந்தடி இடைவெளி யாரும் விடுவதில்லை. எனவே இது சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் ஏறத்தாழ 2 அடி, 30 சென்டிமீட்டர் 1 அடி.

இரண்டு எண்களில் பெரியது பாருக்குப் பார் உள்ள இடைவெளி. சிறியது ஒரே பாரில் குத்துக்குக் குத்து உள்ள இடைவெளி. இதை மாற்றிப் போட்டாலும் செடி எண்ணிக்கை மாறாது. ஆனால் ஓரடிப் பாருக்குள் ஆள் நடந்து காய் பறிக்க முடியாது, களைக்கொத்தும் நுழையாது.

இடைவெளி தெரிந்தால் விதை எவ்வளவு வேண்டும் என்று அடிக் கணக்கிலேயே போடலாம். ஒரு சென்ட் 435 சதுர அடி. 2 அடிக்கு 1 அடி என்றால் ஒரு குத்து பிடிக்கும் இடம் 2 சதுர அடி. எனவே சென்டுக்கு ஏறத்தாழ 218 குத்து. நம் விவசாயியின் 20 சென்டில் வரப்பு, வாய்க்கால் போக 18 சென்ட் பயிர் நிற்கும். 18-ஐ 218-ஆல் பெருக்கினால் சுமார் 3,900 குத்து. குத்துக்கு இரண்டு விதை என்றால் 7,800 விதை.

வெண்டை விதை 100 எண்ணினால் 6 முதல் 7 கிராம் எடை இருக்கும். ஆறரை கிராம் என்று வைத்தால் 7,800 விதை ஏறத்தாழ 510 கிராம். எனவே 250 கிராம் பை இரண்டு போதும் என்று தெரிகிறது. பத்து கிராம் குறைவு ஒரு பொருட்டல்ல.

இதே எண்ணை 30 x 30 என்று படித்திருந்தால் குத்து இரு மடங்காகி நான்கு பை வாங்கியிருப்பார். அதனால் இரண்டு பைக் காசு வீண். செடிகளும் நெருங்கி, ஒன்றின் நிழலில் ஒன்று நீண்டு, காய் சிறுத்திருக்கும். இடைவெளி எண் சரியா என்று ஐயம் வந்தால், பையின் எடையைக் கொண்டும் சோதிக்கலாம். ஒரு பை இத்தனை சென்டுக்குப் போதும் என்று சில பைகளில் எழுதியிருக்கும். உங்கள் கணக்கும் அதுவும் மிகவும் விலகியிருந்தால் எங்கோ ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

ஆழம்: மறைந்த புள்ளி

விதைக்கும் ஆழம் நம் நாட்டுப் பைகளில் பல சமயம் இருப்பதே இல்லை. சட்டப்படி அச்சடிக்க வேண்டியவற்றில் இது சேராது. இருந்தாலும் 2.5 என்று இருக்கும். படத்தில் நடுவில் உள்ள புள்ளி மறைந்து 25 ஆகத் தெரியும். 25 சென்டிமீட்டர் என்றால் பத்து அங்குலம். அது விதை ஊன்றும் ஆழமல்ல, கம்பம் நடும் ஆழம். புள்ளி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

விதையின் கனத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்குக்கு மேல் வெண்டையை மூடக் கூடாது. வெண்டை விதையின் கனம் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எனவே ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் பொருத்தம். ஆட்காட்டி விரலின் நுனிக் கணு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அந்தக் கணு மறைந்தால் அதுவே எல்லை.

இந்த எல்லைக்குள் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணல் கலந்த செம்மண் சீக்கிரம் காயும். அதில் கணு மறையும் அளவு போடலாம். களிமண்ணிலும் கரிசலிலும் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். அந்த மண் ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். ஆழத்தில் கிடக்கும் முளை அந்த ஓட்டை முட்டி உடைப்பதற்குள் தன் சத்தைத் தீர்த்துவிடும். கீரை விதை போன்ற பொடி விதைகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவற்றை மணலோடு கலந்து தூவி, மேலாக மண்ணைக் கீறி மூடினால் போதும்.

எட்டாம் நாள் தோண்டிப் பாருங்கள்

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் முளைப்பு குறையலாம். தண்ணீர் கட்டிய எட்டாம் நாள் காலியாக உள்ள பத்துக் குத்துகளை விரலால் மெல்லத் தோண்டுங்கள். காரணம் அங்கேயே தெரியும்.

முளை வெள்ளையாக நீண்டு, வளைந்து, மேலோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தால் ஆழம் அதிகம், அல்லது மண் ஓடு கட்டிவிட்டது. இலேசாகத் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்கினால் சில முளைகள் பிழைக்கும். விதை உப்பாமல் அப்படியே உலர்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை. ஈரம் இருந்தும் கல்போலக் கிடந்தால் அது கடின விதை. வெண்டையில் சில விதைகள் இப்படி நீரை உள்ளே விடாமல் பிந்தி முளைக்கும். விதையே இல்லையென்றால் எறும்போ எலியோ எடுத்துப் போயிருக்கிறது. இவை எவற்றுக்கும் விதை விற்றவர் பொறுப்பல்ல.

விதை உப்பி, கொழகொழவென்று அழுகி, நாற்றம் அடித்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தண்ணீர் தேங்கியிருக்கலாம், அல்லது விதையில் உயிர் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியிலும் இப்படியே அழுகியிருந்தால் விதையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் பாடுவாசியைப் பத்தாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் ஊன்றிய விதை, முன்னே வளர்ந்த செடிகளின் நிழலில் பிந்தியே நிற்கும்.

கெடு முடிந்த பை வீட்டிலேயே இருந்தால்?

கெடு முடிந்த விதையைக் கடையில் விற்கக் கூடாது. ஆனால் போன பட்டத்தில் வாங்கி வீட்டில் மிஞ்சிய பையை என்ன செய்வது? கெடு முடிந்த மறுநாளே விதை செத்துவிடுவதில்லை. காய்ந்த டப்பாவில் மூடி வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். ஓட்டுத் தாழ்வாரத்தில் ஈரம் படத் தொங்கவிட்டிருந்தால் கெடுவுக்கு முன்பேகூடப் போய்விடும். எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணிப் பார்த்துத்தான் அறிய முடியும்.

ஊன்றுவதற்குப் பத்து நாள் முன்பு 100 விதையை எண்ணி எடுங்கள். பொறுக்கி எடுக்காமல், பைக்குள் கைவிட்டு வந்ததை எடுக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த சாக்கிலோ துணியிலோ வரிசைக்குப் பத்தாகப் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். நான்காம் நாளும் எட்டாம் நாளும் பிரித்துப் பார்த்து, வேரும் தண்டும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். நுனி கருகியதும் வேர் இல்லாததும் கணக்கில் சேராது.

48 முளைத்தது என்று வைத்துக்கொள்வோம். குத்துக்கு இரண்டு போட்டால் 100 குத்தில் 27 காலி. மூன்று போட்டால் 14, நான்கு போட்டால் 7. எனவே நான்கு போட வேண்டும்; விதை இரு மடங்கு செலவாகும். அந்த அளவு கையில் இருந்தால் வீட்டுத் தேவைக்குச் சில சென்ட் போடலாம். 20 சென்ட் முழுவதையும் அதை நம்பிப் போட வேண்டாம். பழைய விதையில் முளைப்பவையும் வலுக் குறைந்தே வரும். அவை மண் ஓட்டை உடைப்பதில் பின்தங்கும். 40-க்குக் கீழே போனால் புது விதை வாங்குவதே மலிவு.

விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது மருந்து கலந்த விதை. எண்ணும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். சோதித்த மிச்சத்தைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். அதை ஊன்றும் முன் தண்ணீரில் ஊற வைத்தால் மருந்து கழுவிப் போய்விடும். அப்படியே ஊன்ற வேண்டும்.

படத்தை அழிக்காதீர்கள்

விதை வாங்கியதும் செல்போனில் உள்ள படத்தை அழித்துவிடுகிறோம்; பையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறோம். முதல் காய் பறிக்கும் வரை இரண்டையும் வைத்திருங்கள். பையை அடியில் கிழிக்காமல் மேல் ஓரத்துக்குக் கீழே வெட்டினால் தேதியும் குவியல் எண்ணும் தப்பும். ரசீதிலும் அதே குவியல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஒரு பிடி விதையையும் அதே பையிலேயே மிச்சம் வையுங்கள்.

விதையில்தான் கோளாறு என்று எட்டாம் நாள் தெரிந்தால், பை, அட்டை, ரசீது, மிச்ச விதை ஆகியவற்றோடு உங்கள் வட்டார விதை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். வயல் இன்னும் அழியாமல் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். உழுது வேறு பயிர் வைத்துவிட்டால் அவர் பார்க்க ஒன்றும் இருக்காது. வாங்கும் முன்பே ஐயம் இருந்தால் மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளவும் வழி உண்டு.

நம் விவசாயி மருமகனிடம் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசினார். பின்வரிசைப் பையை எடுக்கச் சொன்னார். முதல் பையின் மடிப்பில் சிதைந்திருந்த அந்த ஒற்றை எண்ணை 9 என்றே நம்பியிருந்தால், ஆடிப் பதினெட்டில் கெடு முடிந்த விதையை ஊன்றியிருப்பார். ஆவணியில் மறுபடி ஊன்றி, ஒரு மாதம் பிந்திய காயைச் சந்தைக்குக் கொண்டுபோயிருப்பார். அடுத்த முறை செல்போனில் விதைப் பையின் படம் வந்தால், பரிசோதனைத் தேதியைக் கண்டுபிடித்து, ஒன்பது மாதம் எண்ணி, உங்கள் ஊன்றும் நாள் அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு "வாங்கி வா" என்று சொல்லுங்கள்.